அடைப்புக்குறிக்குச் சத்தம் கிடையாது

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். விமர்சகர் மைக்கால் கெட்டார்.

‘ஒழுகும் மாடி’ என்ற நாவல் வெளியாகி எங்கும் பேச்சாக இருந்த சமயம் அது. அட்டையில் எழுதியவர் பெயர் ‘அயலார்’ என்று மட்டும் இருந்தது. அந்த அயலார் யார் என்று பதிப்பகம் மூச்சு விடவில்லை. நாவலைப் பற்றிய கூட்டத்தில் கடைசியாகப் பேச வந்த விமர்சகருக்கு, முன்னால் பேசியவர்கள் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்திருந்ததால், புதிதாகச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அந்த நெருக்கடியில்தான் அவர் சொன்னார்: "நடை என்பது கைரேகை. இந்த நாவலின் வாக்கியங்களை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியவர் யார் என்று கண்டுபிடித்துக் காட்டுகிறேன். முடியாவிட்டால் இனி நடையைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டேன்."

கைதட்டல் பலமாக இருந்தது. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த இலக்கிய இதழின் ஆசிரியர் அப்போதே எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். எதையும் ‘அவசரம்’ என்று சொல்லியே வாங்குகிறவர் என்பதால் அவருக்கு அவசரம் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

"சார், அடுத்த இதழ் அட்டைக் கட்டுரை உங்களோடதுதான். தலைப்பு கூட போட்டாச்சு. ‘அயலார் அகப்பட்டார்’. கொஞ்சம் அவசரம்."

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"அதனாலதான் அவசரம்."

விமர்சகர் கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவர். நடையைப் பற்றி எழுதியே பேர் வாங்கியவர். அந்தப் பேர் போனால் அவரிடம் மிஞ்சுவது மூக்குக்கண்ணாடிதான். ஆழம் தெரியாமல் காலை விட்டாயிற்று, இனி நீந்தித்தான் ஆக வேண்டும் என்று மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மேஜையில் நாவலை விரித்தார்.

அவருக்கென்று ஒரு வேலைமுறை உண்டு. முதலில் ஒரு பத்தியை உரக்க வாசிப்பார். வாசிக்கும்போது பென்சிலால் மேஜையைத் தட்டுவார். மூச்சு எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு தட்டு. பிறகு சொற்களுக்குப் போவார். இந்தச் சொல்லுக்குப் பதில் வேறு எதை எழுதியிருக்கலாம், ஏன் எழுதவில்லை என்று கேட்பார். கடைசியாக நிறுத்தக்குறிகள். எது இருக்கிறது என்பதைவிட எது இல்லை என்று தேடுவார்.

அவர் எடுத்துக்கொண்ட பத்தி இது:

‘குழாய்க்காரர் கருவிப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுக் காதை வைத்துக் கேட்டுவிட்டு வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார். வீட்டுக்காரர் தண்ணீரின் தத்துவத்தில் கிளம்பி நகரத்தின் வரலாறு வழியாக மனிதனின் தனிமைக்கு வந்து சேர்ந்தார். தண்ணீரும் வந்தது.’

தட், தட், தட் என்று பென்சில் போனது. ‘வைத்துவிட்டு, பார்த்துவிட்டு, கேட்டுவிட்டு’ என்ற மூன்றும் குழாய்க்காரர் சுவரைத் தட்டுகிற ஓசைபோலவே விழுந்தன. நடுவில் ஒரு காற்புள்ளி கிடையாது. இரண்டாவது வாக்கியத்தில் ‘பேசினார்’ என்று எழுதியிருக்கலாம். ‘கிளம்பி’, ‘வழியாக’, ‘வந்து சேர்ந்தார்’ என்று ஒரு பஸ் பயணத்தின் சொற்களைப் போட்டிருந்தது. அந்த ஆள் பேச்சில் ஊர் சுற்றுகிறார் என்று எங்கேயும் சொல்லவில்லை, வாக்கியமே அவரை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டது. அப்புறம் அந்த மூன்றாவது வாக்கியம். இரண்டே சொல். ‘தண்ணீர் வந்தது’ என்றிருந்தால் அது செய்தி. ‘தண்ணீரும்’ என்ற இடத்தில்தான் தத்துவத்துக்கும் ஒழுகலுக்கும் ஒரே மரியாதை கிடைத்துவிட்டது. ஆச்சரியக்குறி போட்டு வாசகரை இடுப்பில் கிள்ளவும் இல்லை.

நீளம், நீளம், பிறகு ஒரு குட்டு. புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே தாளம்தான்.

விமர்சகர் மனம் விட்டுச் சிரித்தார். அந்த வீட்டுக்காரர் பாத்திரம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. இப்படியும் ஒரு ஆள் இருப்பானா என்று தோன்றியது.

அப்போதுதான் அவர் மனைவி குளியலறையிலிருந்து வந்தாள். பல் டாக்டர். கிளினிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தாள்.

"ஈரத் துண்ட நாற்காலி மேல போட்டுட்டு நாற்காலியக் கொண்டுபோய் அலமாரிக்கு முன்னாடி போட்டுட்டு அலமாரி ஏன் தொறக்க மாட்டேங்குதுன்னு என்னைக் கேட்டா நான் என்னங்க சொல்றது? நேத்தும் இதேதான் பண்ணிட்டு இதே மேஜையில இதே மாதிரி பென்சில வச்சுத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க. நாற்காலி பாவம்."

அவள் பேசி முடித்தபோது விமர்சகர் தன் கையைப் பார்த்தார். பென்சில் தட்டிக்கொண்டிருந்தது. போட்டுட்டு, போட்டுட்டு. நீளம், நீளம், குட்டு. பென்சில் பத்தியிலிருந்து பேச்சுக்குத் தடுக்கி விழாமல் தாண்டிப் போயிருந்தது.

மெதுவாகப் புத்தகத்தை மறுபடி எடுத்தார். குழாய்க்காரர். ஒழுகல். போன மழைக்காலத்தில் இதே வீட்டுச் சுவர் ஒழுகியபோது குழாய் சரிசெய்ய வந்த ஆளிடம் அவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது உண்டு. தண்ணீரைப் பற்றித்தான். கொஞ்சம் நகரத்தைப் பற்றியும்.

தனிமை என்ற சொல் வந்ததா என்று அவருக்கு நினைவில்லை. வந்திருக்கும்.

அன்று முழுவதும் அவர் துப்புத் துலக்கினார். தாளம் மனைவியுடையது. சொற்களும் அவளுடையவைதான். நாவலில் யாரும் ‘வருந்த’ மாட்டார்கள், ‘மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள்’. எவருக்கும் ‘சந்தேகம் எழாது’, ‘மூக்கில் வேர்க்கும்’. இந்த வீட்டிலும் அப்படித்தான். ஆனால் நிறுத்தக்குறிக்கு வந்தபோது இடித்தது. மனைவியின் கையெழுத்தில் ஒரு பக்கம்கூட வீட்டில் இல்லை, ஆகவே கைப்பேசிச் செய்திகளைப் பார்த்தார்.

‘வர்றப்ப பால்!!! மறந்தா அப்புறம்.... தெரியும்ல!!!’

ஆச்சரியக்குறிகள் கும்பலாக வந்து நின்றன. புள்ளிகள் எறும்பு வரிசையாகப் போயின. நாவலிலோ இருநூறு பக்கத்துக்கும் ஒரு ஆச்சரியக்குறி கிடையாது. பதிப்பகத்தில் யாராவது களை எடுத்திருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொள்ளப் பார்த்தார். அது நிற்கவில்லை. ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டால் அது நின்ற வாக்கியம் கையை ஓங்கியபடியே நிற்கும், பார்த்தால் தெரிந்துவிடும். இந்த வாக்கியங்கள் கையை ஓங்கவே இல்லை.

சாயங்காலம் கிளினிக்கில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனார். மனைவி கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன, பல் வலியா?"

"இல்ல. நீதான அயலார்?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "காலைல இருந்து அடுத்தவங்க வாயைப் பாத்தே எனக்குப் பொழுது சரியாப் போகுது. இதுல நாவல் வேறயா?"

"பொய் சொல்லாத. நீ பேசற தாளம் அப்படியே இருக்கு. பென்சில் சொல்லுச்சு."

"பென்சில் சொல்லுச்சா? நாற்காலில உக்காருங்க. தலையில எங்கயாவது அடிபட்டுதான்னு பாக்கறேன்." சிரிப்பை அடக்கிக்கொண்டு அவள் தொடர்ந்தாள். "இப்படிப் பேசறது எங்க வீட்டுல எல்லாருக்கும் வரும்ங்க. எங்க மாமா பேசினாலும் இப்படித்தான், எங்க பெரியம்மா திட்டினாலும் இப்படித்தான். நான் என்ன கடையிலயா வாங்கினேன்?"

விமர்சகர் வீட்டுக்கு நடந்தே வந்தார். வழியெல்லாம் ஒரே யோசனை. பேச்சின் தாளம் குடும்பத்துக்குப் பொது. மூக்கு மாதிரி, சொல் மாதிரி, வழிவழியாக வரும். நிறுத்தக்குறி அப்படி இல்லை. அது கைப்பழக்கம். எங்கே வேலை பார்த்துப் பழகியதோ அந்த இடத்தின் பழக்கம். அப்படியானால் தாளத்தை ஓரமாக வைத்துவிட்டுக் கையைத்தான் தேட வேண்டும்.

மேஜைக்கு வந்ததும் நாவலில் இல்லாதவற்றை மட்டும் வரிசையாக யோசித்தார். மேற்கோள்குறி இல்லை. யார் பேசினாலும், பேசுவது யார் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் பேச்சு வருகிறது. அடைப்புக்குறி இல்லை. எண்கள் எல்லாம் எழுத்தால். எந்த வாக்கியத்தை உரக்க வாசித்தாலும் ஒரே மூச்சில் முடிகிறது, ஒன்றுகூட மூச்சைத் தாண்டவில்லை. இன்னொன்று அவரைக் காலையிலிருந்தே உறுத்தியது. ‘வீட்டுக்காரர் என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தார்’ என்று ஒரு வாக்கியம் முடிந்தால் அடுத்தது ‘அவர்’ என்று தொடங்குவதுதானே வழக்கம்? இங்கே மறுபடியும் ‘வீட்டுக்காரர்’ என்றே தொடங்குகிறது. கேலிக்காக என்று முதலில் நினைத்திருந்தார். கேலி இல்லாத இடத்திலும் அப்படித்தான் இருந்தது.

கண்ணால் வாசிப்பவருக்கு ‘அவர்’ யார் என்று குழம்பினால் மேல் வரியைத் திரும்பிப் பார்க்கலாம். காதால் கேட்பவருக்கு மேல் வரி ஏது?

விமர்சகர் பென்சிலைக் கீழே வைத்தார்.

முன்னறையில் அவருடைய மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஓய்வு பெறும்வரை வானொலிச் செய்திப் பிரிவில் இருந்தவர். செய்தி வாசித்தவர் அல்ல, வாசிப்பவருக்கு எழுதிக் கொடுத்தவர். அடுத்தவர் வாய்க்கு வாக்கியம் தைத்தே காலம் தள்ளியவர். இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவருக்கு வேலை ஒன்றும் இல்லை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

விமர்சகர் போய் எதிரே நின்றார்.

"அத்தை."

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"அந்தக் குழாய்க்காரர்கிட்ட நான் தனிமையப் பத்திப் பேசினேனா?"

மாமியார் பேப்பரை மடித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "பேசினீங்க. ஆனா அதுக்கு முன்னாடி அணைக்கட்டு பத்தி ரொம்ப நேரம் பேசினீங்க. அத நான் வெட்டிட்டேன். இழுவையா இருந்துச்சு."

விமர்சகர் நாற்காலியில் சரிந்தார். அதில் ஈரத் துண்டு இருந்தது.

"எதுல பிடிச்சீங்க?" என்று மாமியார் கேட்டார். குரலில் பயம் இல்லை, தொழில்காரரின் ஆவல்தான் இருந்தது.

"அடைப்புக்குறியே இல்ல."

"அத எப்படி வாசிக்கறது மாப்பிள்ளை? அடைப்புக்குறிக்குச் சத்தம் உண்டா? மேற்கோள்குறிக்கு உண்டா? சத்தம் இல்லாதத நான் போடறது இல்ல."

சரியாகக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷமும், நாவலின் கேலிப்பொருள் தான்தான் என்ற துக்கமும் சேர்ந்து விமர்சகரின் முகம் ஒரு மாதிரி ஆனது. கொஞ்ச நேரத்தில் சந்தோஷம் ஜெயித்தது. "அத்தை, கட்டுரையில உங்க பேரப் போட்டுடறேன். நான் சபையில சொன்ன சொல்லும் நிக்கும், உங்களுக்கும்..."

"கூடவே கூடாது."

"ஏன்?"

"இந்தக் கட்டடத்துல இருக்கற அத்தனை பேரும் அந்தப் புத்தகத்துல இருக்காங்க. நாலாவது மாடியில இருக்கற சங்கச் செயலாளருக்கு ரெண்டு அத்தியாயம். என் பேரு தெரிஞ்சா நாளைலேருந்து எவனாவது என் முன்னாடி வாயத் தொறப்பானா? அடுத்த நாவலுக்கு நான் எங்க போறது? வானொலின்னு ஒரு வார்த்தை எழுதினீங்கன்னாலும் வாசல்ல வந்து நிப்பாங்க. எழுதக்கூடாது."

"அப்ப என் பேரு?"

"அதுக்கு ஒண்ணும் ஆகாது. வாக்கியத்தப் பத்தி எழுதுங்க. ஆளப் பத்தி எழுதாதீங்க. எழுதிட்டு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

அப்படித்தான் கட்டுரை உருவானது. விமர்சகர் ஒவ்வொரு பத்தியாக வாசிப்பார். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இந்த இடத்துல மூச்சு வாங்கினீங்க, ஒடச்சிடுங்க" என்பார். "‘அது’ன்னா எது? பேரச் சொல்லுங்க" என்பார். விமர்சகருக்குத் தன் எழுத்தில் யார் கை வைத்தாலும் பொறுக்காது. ஆனால் ஒடித்துப் பார்த்தால் நன்றாக இருந்தது. என்ன செய்ய? முடிவில் அவருக்குத் தன் கட்டுரையின் மேல் ஒரு காதலே வந்துவிட்டது. குழாய்க்காரர் பத்தியைத் தட்டுத் தட்டாகப் பிரித்துக் காட்டியிருந்தார். ‘உம்’ ஒன்று ஒரு தத்துவத்தை நனைப்பதைச் சொல்லியிருந்தார். கடைசி வரிகள் இப்படி: ‘இந்த வாக்கியங்களை எழுதிய கை எங்கே பழகிய கை என்று தேடிக்கொண்டே போனவன் ஒரு கதவின் முன்னால் வந்து நின்றேன். கதவைத் தட்டினேன், திறந்தது, யார் என்று பார்த்தேன். சொல்ல மாட்டேன்.’

அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் அவசரம் நேரிலேயே வந்துவிட்டார். கையில் கட்டுரையின் அச்சுப்படி, முகத்தில் தாம்பாளம் அளவுக்குச் சிரிப்பு.

"சார், பலே ஆளு சார் நீங்க! கடைசி வரையில வெளிய காட்டிக்கலையே!"

"எத?"

"அயலார் நீங்கதான்ங்கறத."

அவசரம் மேஜையில் காகிதத்தை விரித்து, கட்டுரையில் சொல்லியிருந்த முறையையே கட்டுரையின்மேல் பிரயோகம் செய்து காட்டினார். "இங்க பாருங்க. நீளம், நீளம், குட்டு. நீங்களே சொன்ன தாளம். அடைப்புக்குறி? தேடித் தேடிப் பாத்தேன், ஒண்ணு கிடையாது. மேற்கோள்குறி? எடுத்துக்காட்டுப் பத்திக்கு மட்டும்தான். ஒவ்வொரு வாக்கியமும் ஒரே மூச்சு. வாசிச்சுப் பாத்தேன் சார், என் சம்சாரத்தையும் வாசிக்கச் சொன்னேன். கடைசில ‘சொல்ல மாட்டேன்’ன்னு வேற எழுதறீங்க. வேற யாரு சொல்ல மாட்டாங்க? நடைன்னா கைரேகைன்னு நீங்கதான சொன்னீங்க!"

"இல்லங்க. அது வந்து... அந்த நடை எனக்கு ஒட்டிக்கிச்சு."

"எங்கேருந்து ஒட்டிக்கிச்சு?"

விமர்சகர் வாயைத் திறந்தார். ஜன்னலோரத்தில் மாமியார் பேப்பரைப் புரட்டும் சத்தம் கேட்டது. வாயை மூடினார்.

"அட்டையில உங்க படம் போட்டாச்சு. அச்சுக்குப் போகணும். அவசரம்" என்று சொல்லிவிட்டு அவசரம் கிளம்பப் போனார்.

விமர்சகர் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "ஒரு நாள் டைம் குடுங்க. நான் அயலார் இல்லன்னு நிரூபிக்கறேன். நடையை வச்சே நிரூபிக்கறேன்."

அவசரம் போனதும் மாமியார் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். "என் புத்தகத்துக்கு உங்க மூஞ்சியா? நல்லாருக்காது மாப்பிள்ளை. ஏதாவது பண்ணுங்க."

பண்ணுவதற்கு ஒரு வழிதான் இருந்தது. விமர்சகர் அலமாரியைத் திறந்தார். நாற்காலியை நகர்த்திவிட்டுத்தான் திறக்க முடிந்தது. தன்னுடைய பழைய கட்டுரைத் தொகுப்புகளை எடுத்தார். அவற்றை அவர் எழுதியிருந்தார், திருத்தியிருந்தார், பரிசளித்திருந்தார். உரக்க வாசித்தது இல்லை. பென்சிலை எடுத்துக்கொண்டு நடுவிலிருந்து ஒரு வாக்கியத்தை வாசித்தார்:

‘இந்நாவலாசிரியரின் நடையை (நடை என்பதை இங்கு விரிந்த பொருளில் கொள்கிறேன்) ஒருவகையில் அணுகும்போது, அதன் (அதாவது, அந்நடையின்) உள்ளோட்டத்தை, ஓரளவுக்கேனும், நாம் உணரக்கூடும் எனலாம்.’

பென்சில் எங்கே தட்டுவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

முறையில் அவர் நேர்மையானவர். அயலாருக்குக் காட்டிய கண்டிப்பைத் தனக்கும் காட்டினார். இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தன் வாக்கியத்தைப் பற்றி எழுதி முடித்துவிட்டார். ‘ஒருவகையில்’, ‘ஓரளவுக்கேனும்’, ‘கூடும்’, ‘எனலாம்’: ஒரே கருத்தைச் சுற்றி நான்கு காவலாளிகள். உள்ளே போய்ப் பார்த்தால் காவல் காக்க ஒன்றும் இல்லை. முதல் அடைப்புக்குறி வாசகர் தப்பாக நினைத்துவிடுவாரோ என்ற பயம். இரண்டாவது, முதல் அடைப்புக்குறியால் வாசகர் குழம்பிவிட்டார் என்ற உண்மை. காற்புள்ளிகள் மூச்சு வாங்கும் இடத்தில் இல்லை, மாடிப்படியில் முழங்கால் வலிக்காரர் நிற்கும் இடங்களில் இருக்கின்றன. வினைச்சொல்லைத் தேடிப் போனால் வாக்கியத்தின் கடைசியில் ‘உணரக்கூடும்’ என்று ஒன்று, அதுவும் நடக்கும் என்று உறுதியில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. ‘இருபது வருடம் இப்படி எழுதியவருக்கு ‘தண்ணீரும் வந்தது’ என்று எழுத வந்திருக்காது. அவருக்குத் தண்ணீர் ஓரளவுக்கேனும் வந்திருக்கக்கூடும்’ என்று முடித்தார்.

அயலார் கட்டுரைக்குப் பின்னால் இதையும் சேர்த்து அனுப்பினார். மாமியாருக்கு வாசித்துக் காட்டவில்லை.

சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் போன் வந்தது. மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், படிச்சேன்" என்றது அவசரத்தின் குரல். "மன்னிக்கணும். நூத்துக்கு நூறு அது நீங்க இல்ல. சந்தேகமே கிடையாது. ஆபீஸ்ல எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினேன். அந்த ‘எனலாம்’ வந்ததும் எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க சார், இவரா இருக்க வாய்ப்பே இல்லன்னு. அட்டைத் தலைப்ப மட்டும் மாத்திட்டேன். ‘அயலார் யாராகவும் இருக்கலாம், இவர் இல்லை’. உங்க படம் அப்படியே இருக்கும், அச்சாயிடுச்சு."

"நல்லது" என்றார் விமர்சகர்.

"நீங்க எழுதினதுலயே இதுதான் சார் பெஸ்ட். இத்தன வருஷமா எங்களுக்கு எங்க இடிக்குதுன்னு புரியாம இருந்துச்சு."

போன் வைக்கப்பட்டது. மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். தோள் குலுங்கியது. மனைவி தட்டுகளை அடுக்கியபடி கணவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஜெயிச்சிட்டீங்கல்ல? அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

"ஒருத்தராவது கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்" என்றார் விமர்சகர்.